கேட்காமல் சொல்லும் அம்மா, சொல்லாமல் மறைக்கும் மகள்

அம்மா அட்வைஸை நிறுத்தினால் வீடு அமைதியாகிவிடும் என்று மகள்கள் சொல்வார்கள். மகள் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் போதும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மகள் வளர்ந்து ஆளான வீட்டில் அம்மா கேட்காமலே சொல்கிறார். அதற்குப் பயந்து மகள் விஷயத்தை மறைக்கிறாள். மறைக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மா இன்னும் தோண்டுகிறார். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினால் இந்தச் சுற்று நிற்காது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய தனிக் கதையும் இல்லை. பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியமர்ந்த குடும்பம். அம்மாவுக்கு 56 வயது, முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார். அப்பா இறந்துவிட்டார். மகளுக்கு 28. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது டவுனில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். கல்யாணம் ஆகவில்லை.

இந்த வீட்டின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். குளிருக்கு இரண்டு பேரும் அடுப்படியில்தான் உட்கார வேண்டும். சமவெளியில் சண்டை வந்தால் தெருமுனைக் கடை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம். இங்கே இருட்டிய பிறகு தேயிலைக் காட்டு வழியில் கரடியும் காட்டெருமையும் நிற்கும். எழுந்து போக இடமில்லாததால், ஆரம்பித்த பேச்சு படுக்கிற வரைக்கும் ஓடுகிறது.

ஒரு நாள் மகள் ஏழே முக்காலுக்கு வந்து சேர்கிறாள். அம்மா கேட்கிறார்: "இம்புட்டு நேரமா? போன எடுத்தா என்ன? இப்படியே சுத்திக்கிட்டு இரு, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

இதில் மூன்று வாக்கியங்கள், மூன்றும் மூன்று விதம். முதலாவது பயம், அதுவும் நியாயமான பயம். இரண்டாவது குறை, அதைச் சரிசெய்ய முடியும். மூன்றாவது தீர்ப்பு. மகளுக்குக் காதில் விழுவது மூன்றாவது மட்டும்தான், அதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள்: "என் வாழ்க்கையப் பத்தி நீ பேசாத." அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கிறது? வழியில் எது நின்றதோ என்று ஒரு மணி நேரம் வாசலில் நின்றதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்கிறது. பிறகு சித்தி மகள் கல்யாணம், கோயம்புத்தூர் வேலை, போன தீபாவளி என்று எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

மகள் செய்ய வேண்டியது, முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்வது. "பஸ்ஸ விட்டுட்டேன்மா. மேல் லைன் அக்காவோட டார்ச் அடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். போன்ல சார்ஜ் இல்ல, இனிமே ஆபீஸ்லேயே போட்டுக்கறேன்." கல்யாணப் பேச்சுக்கு, "அத இப்ப வேணாம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து பேசலாம்." இதில் எது கோணும் என்றால், ஞாயிறு வரும், மகள் துணி துவைக்கப் போய்விடுவாள். அப்படி ஒரு தடவை நழுவினாலே, அடுத்த தடவை தள்ளிவைப்பதை அம்மா நம்ப மாட்டார். நாள் சொன்னால் அந்த நாளில் உட்கார வேண்டும். அந்தப் பொறுப்பு மகளுடையது.

தொனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களின் குடும்பங்களை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் தம் குழுவோடு ஆராய்ந்தபோது, குடும்பத்தார் சொன்ன குறைகளை எண்ணுவதற்கு வார்த்தையோடு குரலின் தொனியையும் பார்த்தார்கள். அளவு மீறிய கரிசனத்தைக் குறைசொல்வதோடு சேர்க்காமல் தனியாக மதிப்பிட்டார்கள். நம் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். "ஸ்வெட்டர் போட்டியா?" என்பது ஒரு குரலில் கரிசனம், இன்னொரு குரலில் "உனக்கு இதுகூடத் தெரியாது" என்ற ஏச்சு. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மா கேட்பது உண்மையிலேயே புரியாமல்தான். வார்த்தையில் தப்பே இருந்திருக்காது.

அடுத்தது அம்மா பக்கம். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற இரு உளவியலாளர்கள் வளர்த்த ஆலோசனை முறையில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் கேள், பிறகு சொல், மறுபடியும் கேள். ஆலோசகர்களுக்குக் கற்றுத்தருவது. அம்மாக்களுக்கும் கைகொடுக்கும்.

மகள் லோன் போட்டு ஸ்கூட்டி வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வருவது, "உனக்கெதுக்குடி வண்டி? விழுந்து கால உடைச்சுக்கவா?" அதற்குப் பதிலாக, "அந்த வளைவு ரோட்டப் பத்தி எனக்குத் தெரிஞ்சத ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால், ஒரே விஷயம், இரண்டு வாக்கியம்: "மழை பேஞ்சா மரத்து எலையெல்லாம் ரோட்டுல ஒட்டிக்கும், பிரேக் புடிச்சா வழுக்கும். பனி எறங்கினா எதிர்ல வர்ற லாரி தெரியாது." கடைசியாக, "நீ என்ன நினைக்கிற?" அதோடு நிறுத்த வேண்டும்.

இது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். அனுமதி கேட்டுவிட்டு, மகள் "இப்ப வேணாம்மா" என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்தால், அது கேள்வியே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருந்தால்தான் அடுத்த தடவை சரி என்பாள். இரண்டாவது, இரண்டு வாக்கியம் பதினைந்து நிமிஷமாக நீள்வது. மூன்றாவது வாக்கியத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் வந்துவிட்டால், வழுக்கும் ரோடு மகளுக்கு மறந்துபோகும், ஒப்பிட்டது மட்டும் நிற்கும்.

அம்மா ஏன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்? பெரும்பாலும், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால். போனைப் பார்த்துக்கொண்டே மகள் போடும் "ம்" ஒரு பதிலே இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, தன் முடிவையும் சேர்த்துச் சொன்னால் வேலை முடிந்தது: "மழையில வழுக்கும்னு சொல்ற, சரிதான். மழை நாள்ல பஸ்ஸுல போறேன், மத்த நாள் வண்டி." ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. கேட்டாள் என்று தெரிந்தாலே பாதி அட்வைஸ் நின்றுவிடும். இதற்குப் பிறகும் அம்மா அதையே எடுத்தால், "புதுசா ஏதாவது இருந்தா சொல்லும்மா" என்று அமைதியாகக் கேட்பது நியாயம்.

மறைப்பதில் நான் மகள்களோடு கண்டிப்பாகவே இருப்பேன். இந்த மகள் கோயம்புத்தூர் வேலையை விட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. கொழுந்து எடை போடும் இடத்தில், கூடையை இறக்கும்போது இன்னொரு அம்மா வந்து, "ஒம் மக வேலைய விட்டுட்டாளாமே?" என்று கேட்டார். லைனில் எதுவும் ரகசியமாக நிற்காது. பத்துப் பேர் முன்னால் தெரியாமல் நின்ற அவமானம், வேலை போனதைவிட அந்த அம்மாவுக்குப் பெரிது. அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் தோண்டிக் கேட்கிறார். பெரிய முடிவை அம்மா முதலில் மகள் வாயால் கேட்க வேண்டும். முடிவாகிவிட்டது எது, இன்னும் யோசிப்பது எது, அம்மாவின் கருத்து எதில் வேண்டும் என்று பிரித்துச் சொல்லலாம். கருத்துக் கேட்கவும் ஒரு இடம் விட வேண்டும். ஒன்றிலும் கேட்காவிட்டால் அவர் எல்லாவற்றிலும் சொல்வார்.

மகள்களும் சும்மா இல்லை. உப்பைக் குறை, பிரஷர் மாத்திரை போட்டியா, போனில் வந்ததையெல்லாம் நம்பாதே என்று அம்மாவை அவர்கள் விரட்டுவதும் அதே தொனியில்தான். கேட்டுவிட்டுச் சொல்லும் வழக்கம் அவர்களுக்கும் வேண்டும்.

பேச்சால் தீராதவையும் உண்டு. சம்பளத்தைப் பிடுங்குவது, போனைப் பறிப்பது, அடிப்பது, கட்டாயக் கல்யாணம் என்று மிரட்டுவது எல்லாம் அட்வைஸ் கணக்கில் வராது. அதற்கு 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. அம்மா ஒரே கேள்வியைக் கேட்டது நினைவில்லாமல் மறுபடி மறுபடி கேட்டாலோ, முன்பு இல்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, குணம் என்று சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மனச்சோர்வு என்று தோன்றினால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். "எவன் வந்து கட்டுவான்" என்பதை மகள் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே இதுவரை கேட்டிருக்கிறாள். உட்கார்ந்து, "எனக்குக் கல்யாணம் ஆகலேன்னா உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டால் பல லைன் வீடுகளில் வரும் பதில் வேறு. லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். மருமகன் என்று ஒருவர் வந்தால் போக ஒரு வீடு இருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. முப்பது வருஷம் வேலை, வீடு, ரேஷன் எல்லாமே ஒரு தோட்டத்தோடு கட்டியிருந்தவருக்கு, வேலையைத் தானாக விட்ட மகள் தரையை விட்டுவிட்டவளாகத் தெரிகிறாள். மகளுக்கோ, அந்த ஒரே கட்டுக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் வாழ்க்கையைப் பற்றிய எண்ணமே. இருவரும் ஒரே லைன் வீட்டைப் பார்த்து எதிர்எதிரான பாடம் படித்திருக்கிறார்கள்.

இது வெளியே வந்துவிட்டால், கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்து வீட்டைப் பற்றிப் பேச முடியும். கணக்குத் தெரிந்த மகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. கிராஜுவிட்டி ஒவ்வொரு வருஷச் சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம், முப்பது வருஷத்துக்கு 450 நாள் சம்பளம். பிஎஃப் பாஸ்புக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பத்து வருஷச் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பிஎஃப் பென்ஷன் வரும். தொகை பெரிதாக இருக்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து ரெக்கார்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று இப்போதே பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் அங்கேதான் நிற்கும், திருத்த ஆபீஸ் கையெழுத்தும் வேண்டும். வேலையில் இருக்கும்போது அதை வாங்குவது சுலபம். கோத்தகிரியில் வாடகை வீடா, கோயம்புத்தூர் பக்கமா, அட்வான்ஸ் எவ்வளவு, அதில் மகள் பங்கு எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதலாம்.

கல்யாண விஷயத்தில் இரண்டு பேரின் கருத்தும் அன்று மாறாமலே போகலாம். பரவாயில்லை. அம்மாவுக்கு 56, ரிட்டயர் ஆகக் கையில் இருப்பது கொஞ்ச காலம்தான். இந்த வாரம் மகள் எடுக்க வேண்டியது அம்மாவின் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரும் ஆதார் நகலும்.