அமைச்சர் பேச்சை எந்த இடத்தில் காட்டுவது?

"சட்டசபையிலேயே அமைச்சர் இதைச் சொல்லியிருக்கிறார்" என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. அங்கேயே வாதம் பலவீனப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து. அவை விவாதத்தை எப்போது, எந்த அளவுக்குக் காட்டலாம் என்பதற்கு 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.பி. வர்கீஸ் வழக்கை விட நல்ல பாடம் இல்லை.

எர்ணாகுளத்தில் ஒரு வீடு. 1958-ல் 16,500 ரூபாய்க்கு வாங்கியது. 1965 டிசம்பரில் அதே 16,500-க்கே மருமகளுக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் கிரயம் செய்து கொடுத்தார் உரிமையாளர். வருமான வரி அதிகாரி, விற்ற நாளில் சந்தை மதிப்பு 65,000 என்று போட்டு, வித்தியாசமான 48,500-ஐ மூலதன ஆதாயமாக்கி வரி கேட்டார். கையில் கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கியதாக அவர் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையில்லை என்பதுதான் அவர் வாதம். ஏனென்றால் 1964-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 52(2) பிரிவை அப்படியே படித்தால், சந்தை மதிப்பு கிரயத் தொகையை விட 15 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தால் போதும், சந்தை மதிப்பையே விற்பனைத் தொகையாக எடுத்துக்கொள்ளலாம். கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வின் பெரும்பான்மையும் அதை ஏற்றுக்கொண்டது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பைப் படிப்பவர்கள் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். அமைச்சர் பேச்சு முதலில் வரவில்லை. அப்படியே படித்தால் என்ன அநியாயம் நடக்கும் என்பதுதான் முதலில் வருகிறது. ஒருவர் நிலத்தை விற்க ஒப்பந்தம் போடுகிறார். பத்திரம் பதிவதற்குள் விலை ஏறிவிடுகிறது. ஒப்பந்த விலைக்கே கொடுக்கக் கட்டுப்பட்டவர், வாங்காத பணத்துக்கு வரி கட்ட வேண்டியதாகும். அடுத்து பிரிவின் பக்கத் தலைப்பு: விற்பனைத் தொகையைக் குறைத்துக் காட்டிய விவகாரங்கள் என்றே அது பேசுகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான், அந்தத் திருத்தத்தை முன்மொழிந்து நிதியமைச்சர் பேசியது வருகிறது. (அன்றைய நிதியமைச்சர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரிதான்.) பத்திரத்தில் ஒரு தொகை எழுதி, கையில் அதிகம் வாங்குகிறார்கள், அந்த விற்பனைகளைப் பிடிக்கவே இது, நேர்மையான பரிவர்த்தனைகளைக் குறிவைத்து அல்ல என்பது அவர் சொன்னதன் சாரம். மத்திய நேரடி வரி வாரியத்தின் சுற்றறிக்கைகளும் அதே பக்கம் நின்றன. தொகையைக் குறைத்துக் காட்டியதாக வரித்துறை நிரூபித்தால்தான் 52(2) பாயும் என்று முடிந்தது.

பேச்சு அங்கே சாட்சி மட்டும்தான். அதுவும் சரியான ஆளின் சாட்சி. 1952-லேயே திருவாங்கூர்-கொச்சி வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சொல்லிவிட்டார்: ஓர் உறுப்பினரின் பேச்சு அவர் மனதில் இருந்ததைக் காட்டும்; ஓட்டுப் போட்ட பெரும்பான்மையின் மனதைக் காட்டாது. வர்கீஸ் தீர்ப்பு அதைத் தள்ளிவிடவில்லை. மசோதாவை முன்மொழிந்தவர் ஏன் கொண்டுவந்தேன் என்று விளக்குவதை மட்டும், எந்தக் கேட்டைத் தீர்க்க வந்தது என்று அறியப் பார்க்கலாம் என்றது. எதிர்க்கட்சி உறுப்பினர் பயந்து பேசியதை எடுத்து "சட்டத்தின் நோக்கம் இதுதான்" என்று எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமான சறுக்கல், ஷரத்து எண். மசோதாவில் ஒரு எண்ணில் இருந்தது சட்டத்தில் வேறு எண்ணாகும். சொற்களும் நடுவில் மாறலாம். எனவே தாக்கலான மசோதா, நிலைக்குழு அறிக்கை, ஏற்ற திருத்தங்கள், நிறைவேறிய வாசகம் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கோளைத் தொட வேண்டும். பேச்சுக்குப் பிறகு அந்த வரி மாறியிருந்தால், உங்கள் மேற்கோள் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். குழுவின் பரிந்துரையும் அப்படியே: அரசு அதை ஏற்றதா என்று பார்க்காமல் காட்டினால், "கேட்டும் நாடாளுமன்றம் சேர்க்கவில்லை" என்ற பதில் வரும். மேற்கோளோடு தேதி, பக்கம், பேசியவரின் பொறுப்பு மூன்றும் இருக்கட்டும். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். நடுவில் மூன்று புள்ளி வைத்து வெட்டிய மேற்கோளை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

வாசகம் ஐயமில்லாமல் இருந்தால் இதெல்லாம் எடுபடாது. 52(2) பின்னாளில் நீக்கப்பட்டது. 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 50சி பிரிவு அதே கறுப்புப் பணத்தைத்தான் துரத்துகிறது. ஆனால் முத்திரைத்தாள் அதிகாரி வைத்த மதிப்பையே விற்பனைத் தொகையாகக் கொள்ளும்படி அது வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த மதிப்பு கூடுதல் என்பவருக்கு மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பக் கேட்கும் வழியையும் அதன் உட்பிரிவு 2-லேயே வைத்திருக்கிறார்கள். அங்கே போய் 1964-ன் பேச்சை நீட்டினால், கேட்கும் நீதிபதி உட்பிரிவு 2-ஐக் காட்டி அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்.