பி என்றால் எந்தப் பி?

மின்னல் அடித்துப் பழைய ரவுட்டர் கருகியது என் பிழையும் அல்ல, இணைய நிறுவனத்தின் பிழையும் அல்ல. அதை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வீதியில் புது ரவுட்டர் வாங்கி வந்து, அதில் ஒரு பயனர் பெயரையும் ஒரு கடவுச்சொல்லையும் எழுத நேற்றுப் பிற்பகல் முழுவதும் போனதை எவர் கணக்கில் எழுதுவது?

வைஃபை உடனே வந்துவிட்டது. மருமகனின் விளையாட்டுக் கொன்சோலும் அதைக் கண்டுபிடித்து, Obtain IP Address என்பதற்கு நேரே Successful என்றும், Internet Connection என்பதற்கு நேரே Failed என்றும் காட்டியது. முதல் வரி சொன்னது ரவுட்டர் கொன்சோலுக்கு ஒரு முகவரி கொடுத்த செய்தியை மட்டுந்தான். ரவுட்டருக்கே வெளியுலகம் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி சமிக்ஞையைக் கடத்துவதோடு நின்றுவிடும். உள்நுழையும் வேலை ரவுட்டருடையது. ஆகவே ரவுட்டரின் அமைப்புகளில், வெளியிணைப்புக்கான WAN பக்கத்தில் Dynamic IP என்று இருந்ததை, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் PPPoE என்று மாற்றி, இரண்டு பெட்டிகளை நிரப்ப வேண்டும். பயனர் பெயர் பழைய குறுஞ்செய்தி ஒன்றில் இருந்தது. கடவுச்சொல்லையோ, இணைப்புத் தந்த நாளில் வந்த தொழில்நுட்பவியலாளர் தாமே தட்டிவிட்டு, ஏதோ கோயில் மூலஸ்தான இரகசியம் போல, எவருக்கும் சொல்லாமல் போய்விட்டார்.

அழைத்தேன். தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தி, நாதஸ்வரமும் அல்லாத வயலினும் அல்லாத ஓர் இசையை இருபது நிமிடம் கேட்டபின் ஒரு தம்பி வந்தார்.

“சேர், பாஸ்வேர்ட் உங்கட ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும், பாருங்கோ.”

நேற்றுக் காலை நான் கடையில் வாங்கிய, அவர் வாழ்நாளில் கண்டிராத ரவுட்டரின் அடிவயிற்றில் அவர்களுடைய கடவுச்சொல் எப்படி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டேன். அங்கே இருப்பது வைஃபைக்கு உரியது என்பதை விளக்கினேன். அடுத்து, கட்டணம் பார்க்கும் கணக்கின் கடவுச்சொல்லைப் போடச் சொன்னார். அது மூன்றாவது சாதி. இதற்கும் அதற்கும் உறவே இல்லை. கடைசியில் புதிதாக ஒன்றை அமைத்து, கரகரக்கும் இணைப்பில் வாசித்தார்: “பி, டி, ஏழு, கே, நாலு, ஒன்பது. எல்லாம் சின்ன எழுத்து.”

ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளைச் சமாளிக்கும் இனத்தவரிடம் இப்படி வாசிக்கலாமா? பந்துக்கு வரும் பியா, பஸ்ஸுக்கு வரும் பியா என்று கேட்டேன். “பி, சேர், பி” என்றார். டீக்கு வரும் டியா, டொக்டருக்கு வரும் டியா என்று கேட்குமுன் அழைப்பு அறுந்தது. இரண்டு எழுத்துக்கும் இரண்டு வழி. ஆக நான்கு கடவுச்சொற்கள். நான்கையும் போட்டேன். நான்குக்கும் Authentication failed.

இங்கேதான் என் மடமை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், ஃபைபர் பெட்டியை மூன்று முறை அணைத்து ஏற்றினேன், ஒரு மணி நேரம் போனது. உண்மையில் அந்தச் செய்தி ஒரு நற்செய்தி. ரவுட்டர் முதலில் மறுமுனையில் எவராவது இருக்கிறார்களா என்று கூவும். பதில் வந்த பின்னரே பெயரும் கடவுச்சொல்லும் போகும். கேபிள் பிழை என்றாலோ, நிறுவனம் கேட்கும் VLAN இலக்கம் பிழை என்றாலோ, எவரும் பதில் சொல்லவில்லை என்ற செய்திதான் வரும். ‘நீ யார் என்று தெரியவில்லை’ என்று விரட்டுகிறார்கள் என்றால், வாசல்வரை போய்விட்டோம் என்றுதானே அர்த்தம்? பிழை அந்த இரண்டு பெட்டிகளுக்குள் மட்டுமே இருக்க முடியும்.

அதைக் கண்டவன் பதினான்கு வயது மருமகன். “மாமா, பெயருக்குப் பின்னால ஒரு இடைவெளி கிடக்குது.” குறுஞ்செய்தியிலிருந்து பிரதி எடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடமும் கூட வந்து ஒட்டியிருந்தது. ரவுட்டர் அதையும் பெயரின் ஓர் எழுத்தாக மதித்து, நேர்மையாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு நான்கையும் முதலிலிருந்து போட்டோம். மூன்றாவது, அதாவது பஸ்ஸின் பியும் டீயின் டியும், திறந்தது. செம்மஞ்சள் விளக்கு பச்சையானது. கொன்சோலிலும் இரண்டாவது வரி Successful ஆனது.

பையன் விளையாட்டைத் திறந்தான். விளையாடுமுன் 31 ஜிபி புதுப்பிப்பு இறங்க வேண்டுமாம். மாதப் பங்கில் மீதம் எவ்வளவு என்று பார்த்தேன்: 12. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது நான்தான்.