பேஸ்மென்ட் கசிவுக்கு உள்பக்கப் பெயிண்ட் போதுமா?

"உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா போதும். சம்ப் குழி, பம்ப் எல்லாம் வீண் செலவு."

பலர் பகிரும் இந்த அறிவுரை தவறு. வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு டன் அழுத்தம் வரும். அது பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். கோலாலம்பூர் பங்சாரில் ஒரு வீட்டில் பெயிண்ட் கொப்புளத்தைக் குத்திப் பார்த்தேன்: தண்ணீர் வழிந்தது, உள்ளே வெள்ளை உப்பு.

வெளிப்பக்கத் தடுப்புப் படலத்தை அதே அழுத்தம் சுவரோடு சேர்த்து அமுக்கும். ஆனால் அதைக் கட்டும்போதே போட வேண்டும். வரிசை வீட்டில் அப்புறம் தோண்ட இடமிருக்காது. அங்கே கசியும் நீரைச் சம்பில் சேர்த்துப் பம்ப் செய்வதே பெரும்பாலும் வழி. மின்தடைக்குப் பேட்டரி பம்பும் வேண்டும். நிலத்தடிக் கட்டுமானங்களில் நீர் புகாமல் தடுப்பது பற்றிய பிரிட்டிஷ் தரநிலை BS 8102-இல் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தப் பெயிண்ட் அறிவுரையைப் பகிராதீர்கள்.