தடைக்காலத்தில் வெளுத்த சீட்டு

"அக்கா, 20 பேர் ஏலச்சீட்டு, கடைசியா எடுத்தா லாபம்ங்கிறாங்க. நம்பி இருக்கலாமா?"

தம்பி, பாம்பன்ல நானும் நடத்தியிருக்கேன். மாசம் 1,000, மொத்தம் 20,000. ஜனவரியில ஆரம்பிச்சோம், வசூல் 5-ஆம் தேதி. ஏப்ரலுக்குள்ள எடுத்த நாலு பேரும் விசைப்படகுக்குப் போறவங்க, வலைக்கும் இன்ஜினுக்கும்னு அதிகமாவே தள்ளி எடுத்தாங்க. ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மே, ஜூன் ரெண்டு வசூலும் அதுக்குள்ளயே வந்துருச்சு.

ஜூன்ல 3,000 தள்ளி ஒருத்தர் 17,000-க்கு எடுத்தார். என் கமிஷன் 1,000 போக மிச்சம் 2,000-ஐப் பிரிச்சா தலைக்கு 100 குறையும், ஆளுக்கு 900 கட்டணும். அந்த நாலு பேரும் கட்டல, 3,600 துண்டு. கமிஷனை விட்டும் 2,600 என் கையில இருந்து போட்டேன். மே மாசமும் இதே கதைதான். (நகையை எங்க வச்சேன்னு கேக்காதீங்க.)

எனக்கு வக்க நகை இருந்துச்சு. இல்லாத ஆள் நடத்தினா அந்தத் துண்டு கடைசியா எடுக்கிறவன் தலையிலதான் விழும். பதிவுச் சீட்டுன்னா நடத்துறவர் முன்கூட்டியே டெபாசிட் கட்டியிருப்பார். தெருச்சீட்டுல அது கிடையாது. எடுத்தவங்களுக்குப் பணம் நாள் தள்ளிப் போகுதா, ரெண்டு தவணையா வருதான்னு பாருங்க, அங்கதான் ஓட்டை தெரியும்.

அடுத்த சீட்டுல மே, ஜூன் வசூலே வைக்கல. எடுக்கிறவர், இன்னும் எடுக்காத ஒருத்தரை ஜாமீன் கையெழுத்துக்குக் கூட்டிட்டு வரணும்னேன். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு விலகிட்டாங்க.