ஊசி போடும் இடத்தில் கட்டி

"அம்மாவுக்கு அதே 20 யூனிட் இன்சுலின், அதே புட்டு. ஒருநாள் சீனி 90, மறுநாள் 280. ஏன்?"

சவர்க்காரம் பூசின ஈரக்கையால தொப்புளைச் சுற்றித் தடவிப் பாருங்கோ. றப்பர் மாதிரித் தடிச்சிருந்தா அதுதான் காரணம். அங்க குத்தினா நோகாது, அதால கை தன்பாட்டில அங்கயே போகும். ஆனா கட்டிக்குள்ள போன இன்சுலின் ஒருநாள் தேங்கி நிற்கும், இன்னொருநாள் கெதியா இறங்கும்.

உடன நல்ல தோலுக்கு மாறி அதே 20ஐப் போட்டிடாதேங்கோ. முழுசா உறிஞ்சி சீனி ஆபத்தா இறங்கலாம். கிளினிக்கில கேளுங்கோ, பெரும்பாலும் அஞ்சில ஒரு பங்கைக் குறைச்சு, 16 அளவுக்குக் கொண்டுவருவினம். கொஞ்சநாள் அடிக்கடி சீனி பாருங்கோ. வயிற்றை நாலாப் பிரிச்சு, கிழமைக்கொரு பக்கம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. மழுங்கின பழைய ஊசியும் கட்டியைக் கூட்டும். கட்டி வற்ற மாதக்கணக்காகும்.