மூடியைக் கழற்றினால் நாஸ் குளிருமா?

"ஏசி இல்லாத அறையில் நாஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தால் ஹார்ட் டிஸ்க் குளிராக இருக்கும்."

பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிர்மாறுதான், தம்பி. நாஸ் என்பது ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி. அதன் பின்னால் உள்ள ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது, முன்பக்கத் துளைகளால் வரும் காற்று டிஸ்க்குகளின் இடுக்கு வழியே போயாக வேண்டும். மூடி இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்தில் கிடைக்கும் காற்றையே இழுத்துக்கொள்ளும். டிஸ்க் நடுவே காற்று அதிகம் ஓடாது.

கல்லடியில் கடலுக்குக் கிட்ட என் அறை 33 பாகை. மூடியோடு டிஸ்க் 42, கழற்றியபோது 47. உங்கள் பெட்டியிலும் டிஸ்க் வெப்பத்தை இந்தக் கட்டளையால் பாருங்கள்:

```
sudo smartctl -A /dev/sda | grep -i temperature
```

/dev/sda என்ற டிஸ்க்கின் பெயர் உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஃபேன் வேகத்தை மாற்றாமல், ஒரே வேலை ஓடும்போது, மூடியோடு ஒரு மணிநேரம், இல்லாமல் ஒரு மணிநேரம் விட்டு எண்ணைக் குறியுங்கள். அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். மத்தியானத்தையும் இரவையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

கழற்றியபின் சூடு குறைந்தால்? முன்பக்க வலை தூசியால் அடைபட்டிருக்கலாம். நிறுத்திவிட்டுப் பிரஷால் துடைத்து, மூடியைப் போட்டு மீண்டும் பாருங்கள்.

மேசை ஃபேனை நேரே திருப்பிவிடச் சொன்ன அண்ணன் பாதி சரி. சூடு இறங்கும்தான், ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் திறந்த பெட்டிக்குள் மண்ணும் போகும். ரவுட்டர் சூட்டைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: வீட்டு ரவுட்டரில் பெரும்பாலும் ஃபேனே இல்லை, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.