முகூர்த்த மாதத்தை வைத்து மெஷின் வாங்கினேன்

புது டிஜிட்டல் பிரஸ்ஸுக்கான கொட்டேஷன் மேஜையில் கிடக்கிறது. இந்த முறை கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், மெஷின் வாங்க யோசிக்கும் அச்சக நண்பர்களுக்கு உதவலாம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதத்தில் 24 லட்சத்துக்கு டிஜிட்டல் மெஷின் எடுத்தேன். அந்த மாதம் கல்யாணப் பத்திரிகை வேலை மட்டுமே 15,000 ஷீட்டைத் தொட்டது. வட்டியை விட்டுவிட்டால் 60 மாதத் தவணை மாதம் 40,000. ஷீட்டுக்கு மூன்று ரூபாய்கூட வராதே என்று மனக்கணக்குப் போட்டேன். ஆடியில் ஓடியது 3,000 ஷீட். தவணை அதே நாற்பதாயிரம்தான், ஷீட்டுக்குப் பதின்மூன்று ரூபாய்! மார்கழியிலும் அதே கதை. வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 8,000 ஷீட், அதாவது ஷீட்டுக்குத் தவணை மட்டும் ஐந்து ரூபாய்.

அடுத்து டோனர். டோனரும் சேர்த்து சர்வீஸ் ஒப்பந்தம் போட்டால் ஒரு பக்கம் அடிக்க, அதாவது ஒரு கிளிக்குக்கு, நான்கு ரூபாய் என்றார்கள். டோனரை நானே வாங்கினால் மிச்சம் என்று நினைத்தேன். ஒரு டோனரில் இத்தனை ஆயிரம் பக்கம் வரும் என்று போடுகிறார்களே, அது பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் 5 சதவீதம்தான் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் பத்திரிகையோ முழுக்கக் குங்குமச் சிவப்பு. சிவப்பு என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. இரண்டும் 60 சதவீதம் போனால் 24,000 பக்கம் வரவேண்டிய டோனர் 2,000 பக்கத்தில் தீரும். மூன்றே மாதத்தில் வாயை மூடிக்கொண்டு கிளிக் ஒப்பந்தத்துக்கு மாறினேன். அதிலும் மாதம் 5,000 கிளிக்குக்குக் குறையாமல் பணம் கட்டவேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஆடியில் ஓடாத 2,000 கிளிக்குக்கும் கட்டினேன்.

ஆக தவணை 5, கிளிக் 4, அட்டை 6. ஒரு ஷீட் எனக்கு அடங்கியது 15 ரூபாய். ஆரம்பத்தில் 20 ரூபாய்க்கு விற்றேன். ஊரில் இன்னும் இரண்டு மெஷின் இறங்கியதும் விலை 14 ஆனது.

ஐந்தாம் வருடம் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். டிரம்முக்கும் ஃபியூசருக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் கன்ட்ரோலர் கம்ப்யூட்டர் படுத்தது. அதன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். மெஷின் நன்றாகத்தான் இருந்தது, ஃபைல் அனுப்ப வழியில்லை. விற்கப் போனால் 2 லட்சம் என்றார்கள். அப்பா வாங்கிப்போட்ட பழைய ஹைடல்பெர்க் ஜிடிஓ ஆஃப்செட் மெஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்றும் விலை கேட்டு புரோக்கர் வருகிறார்.

டிஜிட்டலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூறு பத்திரிகைக்கு நான்கு பிளேட் போட்டு, கலர் பிடிக்க ஷீட்டை வீணாக்கினால் ஆஃப்செட் கட்டாது. ஆனால் அடுத்த தெரு அண்ணாச்சி ஆடியையும் சேர்த்துச் சராசரியாக மாதம் 20,000 ஷீட் ஓட்டுகிறார். அவருக்குத் தவணை ஷீட்டுக்கு இரண்டே ரூபாய், 12 ரூபாயில் அடங்கிவிடும். இப்போதெல்லாம் சின்ன வேலை வந்தால் ஃபைலை அவருக்கு அனுப்பி, 14 கொடுத்து வாங்கிவிடுகிறேன். என் சொந்த மெஷினில் அடித்ததைவிட ஷீட்டுக்கு ஒரு ரூபாய் குறைவு.